பொருள்: ஆய்வேட்டுத் தலைப்பை மாற்ற அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். 'திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பணிபுரியும் பெண்கள் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைப் பயன்படுத்தும் விதம்' என்ற என் தலைப்புக்கான முன்னோட்டக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. கூகுள் படிவத்தை 140 பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். திரும்ப வந்தவை 9. அவற்றில் 6 அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராகவும் கணக்குப் பிரிவிலும் இருப்பவர்கள் நிரப்பியவை. தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுகளிலிருந்து மூன்றே பேர்.

என்னை யோசிக்க வைத்தது எண்ணிக்கையைவிட இந்தப் பிரிவினைதான். கெடுவை நீட்டித்தால் இன்னும் சில படிவங்கள் வரலாம். ஆனால் வரக்கூடியவர்களும் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பவர்களாகவே இருப்பார்கள். நிரப்பாத சிலரிடம் பேசியபோது காரணம் புரிந்தது. ஓவர்டைம் முடிந்து விடுதிக்கு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கிறது. சொல்வது சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு. ஒடிசா, பீகார் பெண்களுக்குத் தமிழ்ப் படிவம் உதவாது. கான்ட்ராக்டர் வழியாகப் போனால் படிவங்கள் நிறையும், மேடம். ஆனால் அவர் முன்னால் தரும் ஒப்புதலை மனமுவந்த ஒப்புதல் என்று நான் எழுத முடியாது.

அதனால் 'தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் கூலித் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் சமூகப் பாதுகாப்பு' என்று தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம், சம்பளத்துடன் விடுப்பு, பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவ மற்றும் மகப்பேறு வசதி ஆகியவை குறித்துக் கேட்கிறார்கள். தனிநபர் அளவிலான தரவு microdata.gov.in தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இல் ஆயத்த ஆடை உற்பத்தி பிரிவு 14 என்பதால் தனியே பிரித்தெடுக்கலாம். ஒரே ஆண்டில் தமிழ்நாட்டு மாதிரி சிறியதாக இருக்கும் என்பதால் 2021-22 முதல் 2023-24 வரை மூன்று சுற்றுகளைச் சேர்த்து, ஆண்-பெண் வேறுபாட்டையும் பார்க்க நினைக்கிறேன்.

இதில் ஓர் இழப்பு இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு கையில் இருந்தும் ஒரு பெண் ஏன் தனியார் கிளினிக்குக்குப் போகிறாள் என்ற கேள்விக்கு இந்தத் தரவு பதில் தராது. என்னை இந்த ஆய்வுக்குக் கொண்டுவந்ததே அந்தக் கேள்விதான். முனைவர் பட்டத்தில், போதிய காலத்தோடு, நேரில் பேசி அதை எடுத்துச் செய்ய விரும்புகிறேன்.

1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், 2017-இல் நடைமுறைக்கு வந்த 21,000 ரூபாய் ஊதிய வரம்பு பற்றி எழுதிய இரண்டாம் அத்தியாயம் அப்படியே பயன்படும். ஆய்வு முறை அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். நம் துறைக் கணினி அறையிலேயே இருக்கிறது.

திருத்திய ஆய்வுச் சுருக்கத்தையும், வந்த 9 படிவங்களை அடையாளம் நீக்கியும் இணைத்திருக்கிறேன். துறைக் குழு கூடுவதற்கு முன், வியாழக்கிழமை மதியம் தங்களுக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து பார்க்கலாமா, மேடம்?

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
கவிதா
முதுகலைச் சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு