வைட்டமின் டி சளி, சுவாசத் தொற்றைத் தடுக்குமா? கையேட்டுக் குழுவுக்கு ஒரு சுருக்கம்

2021-ல் தி லான்செட் டயபடீஸ் அண்ட் எண்டோகிரினாலஜி இதழில் வந்த மீளாய்வைத்தான் முக்கியமாகப் படித்தேன். 43 சீரற்ற சோதனைகள், சுமார் 48,500 பேர். வைட்டமின் டி எடுத்தவர்களில் 61.3 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 62.3 சதவீதம் பேருக்கும் ஒரு முறையாவது தொற்று வந்திருக்கிறது. இரு குழுக்களின் தொற்று வாய்ப்பை ஒப்பிடும் ஆட்ஸ் விகிதம் 0.92; 1 என்றால் வித்தியாசமே இல்லை. உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பைக் காட்டும் நம்பக இடைவெளி 0.86 முதல் 0.99 வரை. பலன் இருந்தாலும் மிகச் சிறியது, அதுவும் எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இதே கேள்விக்கு 2017-ல் பிஎம்ஜே இதழில் வந்த மீளாய்வு இன்னும் நம்பிக்கையாகப் பேசியது (25 சோதனைகள், விகிதம் 0.88). அதன் பெரிய செய்தியே, ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருப்பவர்களுக்குப் பலன் அதிகம் என்பதுதான். அவர்கள் தினமும் அல்லது வாரந்தோறும் எடுத்தபோது விகிதம் 0.30 வரை இறங்கியது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் வெறும் 234 பேர். 2021-ல் சோதனைகள் கூடியபோது, தொடக்கத்தில் ரத்தத்தில் இருந்த அளவைப் பொறுத்துப் பலன் மாறுவதாகத் தெளிவாகத் தெரியவில்லை. கேட்க எவ்வளவு இயல்பாக இருந்தாலும், 'குறைபாடு உள்ளவருக்கு நிச்சயம் உதவும்' என்று நம்மால் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் எதில் பலன் தெரிந்தது? தினசரி, 400 முதல் 1,000 ஐ.யூ. வரை, 12 மாதத்துக்கு மிகாமல் எடுத்தவர்களிடம்; வயதில் 1 முதல் 15 வரை உள்ளவர்களிடம். மாதம் ஒருமுறை பெரிய அளவாகக் கொடுத்த சோதனைகளில் தெரியவில்லை. இங்கேதான் எனக்குத் தயக்கம். இவை துணைக்குழு ஒப்பீடுகள். தினசரி எடுத்தவர்களும் மாதாந்திரமாக எடுத்தவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு சோதனைகளைச் சேர்ந்தவர்கள். வயதும் இடமும் வேறு. வித்தியாசம் மருந்தளவால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. பல கோணங்களில் பிரித்துப் பார்த்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே பளிச்சிடும்.

இதைவிடப் பெரிய பலவீனம், ஒவ்வொரு சோதனையின் அளவையும் முடிவையும் சேர்த்துக் காட்டும் புனல் வரைபடம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. பலன் காட்டாத சிறிய சோதனைகள் சில வெளிவராமலே போயிருக்கலாம். அப்படியென்றால் 0.92-கூட மிகைதான். அப்புறம், 'தொற்று' என்பதை ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு விதமாக எண்ணியிருக்கிறது: சிலவற்றில் ஆய்வகப் பரிசோதனை, சிலவற்றில் பங்கேற்றவர் தானே சொன்ன சளி, இருமல்.

2025-ல் அதே இதழில் வந்த புதுப்பிப்பில் விகிதம் 0.94, இடைவெளியின் மேல் எல்லை 1.00-ஐத் தொட்டுவிட்டது. போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது கடுமையான பக்கவிளைவு கூடவில்லை என்பது மட்டும் ஓரளவு உறுதி.

கையேட்டின் வரைவில் உள்ள 'வைட்டமின் டி தொற்றைத் தடுக்கும்' என்ற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடலாம்: 'தினசரி சிறிய அளவு சற்றே உதவக்கூடும், ஆதாரம் உறுதியானதல்ல.' குழந்தைகளுக்கு அளவு எவ்வளவு என்பதை இந்த மீளாய்வை வைத்து எழுத வேண்டாம்.