பொருள்: பைத்தான் நிரலாளர் பணி – பட்டம் இல்லை, செய்த வேலைகளை இணைத்திருக்கிறேன்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். என் பெயர் முருகேசன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களின் கோப்புகளை மின்னூலாக மாற்றும் பிரிவுக்குப் பைத்தான் நிரலாளர் தேவை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். அதில் "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் பட்டம் இல்லை. 2016இல் பிளஸ் டூ முடித்ததும் நேராக வேலைக்கு வந்துவிட்டேன். நிரல் எழுதுவதை அச்சகத்தில் இருந்துகொண்டே, பைத்தானின் சொந்தக் கையேட்டையும் மற்றவர்கள் எழுதிய மூலநிரலையும் படித்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் அறிவிப்பில் நீங்கள் விவரித்திருக்கும் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அச்சகத்தில் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் பேஜ்மேக்கரிலும் வேர்டிலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. மறுபதிப்புக்கு யாராவது வந்தால் முழுப் புத்தகத்தையும் மறுபடி அடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். `jkpo;` என்பது திரையில் "தமிழ்" என்று தெரியும். இதை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு பத்தியை ஒட்டி எடுத்துக்கொள்ள அவை போதும். ஒரு புத்தகம் முழுவதையும் கொடுத்து, வருவதை நம்பி அச்சுக்கு அனுப்ப முடியாது. அதனால் நானே ஒன்று எழுதினேன்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் அவை மெய்க்குப் பின்னால் வர வேண்டும். `Nfhapy;` என்பதைக் "கோயில்" ஆக்க, முன்னால் இருக்கும் `N`ஐயும் பின்னால் இருக்கும் `h`ஐயும் சேர்த்து ஒரே ஓகாரக் குறியாக்க வேண்டும். ஆகவே என் நிரல் நீளமான தொடரை முதலில் தேடும், கிடைக்காவிட்டால்தான் சிறியதற்கு இறங்கும்.

இதில் நான் அதிக நேரம் செலவிட்டது ஔகாரத்தில்தான். பாமினியில் "கௌ" என்பதும் "கெள" என்பதும் ஒன்றுதான், இரண்டுமே `nfs`. `nfsutk;` என்பது கௌரவம். `nfsk;G` என்பது பேச்சுவழக்குக் கெளம்பு. ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமேதான், இல்லாவிட்டால் ஔகாரம் என்று ஒரு விதி வைக்கலாம். கட்டுரைப் புத்தகங்களில் அந்த விதி ஓடிவிடும். சிறுகதைத் தொகுப்பில் ஓடாது. அங்கே ஆட்கள் "கெளம்பு" என்பார்கள், "வெளங்காது" என்பார்கள். அவை கௌம்பு, வௌங்காது என்று அச்சேறினால் எழுத்தாளர் எங்களை மன்னிக்க மாட்டார். ஆகவே அங்கே நிரல் ஊகிக்காது. மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் போன்ற ஔகாரச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறேன். தமிழில் அவை குறைவு என்பதால் பட்டியல் சிறியதுதான். பட்டியலில் இருந்தால் மாற்றும், இல்லையென்றால் ளகரமாகவே விட்டுவிட்டு வரி எண்ணுடன் ஓர் அறிக்கையில் குறித்து வைக்கும். மெய்ப்பு பார்ப்பவர் அந்த வரிகளை மட்டும் பார்த்தால் போதும். நிரலுக்கு நிச்சயமாகத் தெரியாத இடத்தை மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் வேலையிலும் இதே கேள்வி தினமும் வரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். வெறும் உரையாக எடுத்தால் எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாது. `mail` என்ற சொல் "அயடை" ஆகிவிடும். அதனால் கோப்பை ஆர்டிஎஃப் வடிவில் சேமித்து, அதிலுள்ள `\fonttbl` பகுதியைப் படித்து, பாமினி எழுத்துருவில் இருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றுகிறேன்.

மாற்றிய பிறகு இன்னொரு வேலையும் உண்டு. மற்ற இடங்களிலிருந்து வரும் யூனிகோட் உரைகளில் ஒகரக் குறி சில சமயம் ஒரே குறியாகவும் சில சமயம் இரண்டு குறிகளாகவும் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது:

```python
>>> import unicodedata
>>> a = "\u0b95\u0bca"
>>> b = "\u0b95\u0bc6\u0bbe"
>>> a == b
False
>>> unicodedata.normalize("NFC", b) == a
True
```

இரண்டுமே "கொ" தான். எல்லா உரையையும் உள்ளே வரும் இடத்திலேயே ஒருமுறை NFC ஆக்கிவிடுகிறேன். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக யாராவது கொம்பும் ளகரமும் அடித்திருந்தால் NFC அதைச் சரிசெய்யாது. யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து. அதற்கும் மேலே சொன்ன பட்டியல்தான் உதவுகிறது.

இப்போது எங்கள் அச்சகத்தில் மறுபதிப்பு வேலைகள் இந்த நிரல் வழியாகத்தான் போகின்றன. டிடிபியில் என்னுடன் இருக்கும் இருவர் என் உதவி இல்லாமலே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது வேலை சிறியது, அச்சகத்தின் விலைக்கணக்கு. 23×36 அங்குலத் தாளில் டெம்மி அளவில் 32 பக்கம் வரும். 192 பக்கப் புத்தகத்துக்கு 6 தாள். ஆயிரம் பிரதிக்கு 6000 தாள், அதாவது 12 ரீம், கழிவு தனி. 60 ஜிஎஸ்எம் என்றால் ஒரு ரீம் சுமார் 16 கிலோ. இதையெல்லாம் வாடிக்கையாளர் எதிரிலேயே காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது எஸ்க்யூலைட் தரவுத்தளத்துடன் ஒரு ஃபிளாஸ்க் பக்கமாக இருக்கிறது. தொழில்நுட்பமாக இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் காகித விலை மாறும்போது பழைய மதிப்பீடுகள் மாறிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு மதிப்பீட்டுடனும் அன்றைய விலையைச் சேர்த்தே சேமிக்கிறேன். அந்த அட்டவணை வடிவமைப்பைப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொன்னால் மகிழ்வேன்.

திறமூலத் திட்டங்களில் என் பங்கு பெரிது இல்லை. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நான் எப்படி வேலை செய்வேன் என்பது அதில் தெரியும். தமிழ்ச் சொற்பட்டியல்களைப் படிக்கும் ஒரு பைத்தான் நூலகம் எங்கள் விண்டோஸ் கணினியில் மட்டும் நின்றுபோனது. பிழைச்செய்தியில் `can't decode byte 0x8d` என்று இருந்தது. அந்த பைட் என்ன என்று பார்த்தேன். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8இல் `E0 AF 8D`. விண்டோஸில் பைத்தான் இயல்பாக எடுத்துக்கொண்ட cp1252 குறியாக்கத்தில் `8D` என்ற இடம் காலி. அதனால் கோப்பில் முதல் புள்ளி எழுத்து வந்த இடத்தில் நிரல் நின்றது. லினக்ஸில் இயல்பே யூடிஎஃப்-8 என்பதால் அதை எழுதியவர்கள் கண்ணில் இது படவே வாய்ப்பில்லை. `python -X warn_default_encoding` என்று ஓட்டினால் குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் இடங்களை எல்லாம் பைத்தானே காட்டிக்கொடுக்கும், 3.10 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அந்த இடங்களில் `encoding="utf-8"` சேர்த்து அனுப்பினேன். பராமரிப்பவர் ஒரு சோதனையும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன், சேர்த்துக்கொண்டார்கள். மாற்றம் சில வரிகள்தான். ஆனால் விண்டோஸ் வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்த நூலகம் இப்போது ஓடுகிறது.

இது தவிர லிப்ரே ஆஃபிஸின் தமிழாக்கத்தில் அவ்வப்போது சரங்களைத் திருத்துகிறேன். தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பும் பார்க்கிறேன். ஓசிஆர் எந்த எழுத்துகளில் தடுமாறுகிறது என்பது அங்கே நன்றாகத் தெரியும், உங்கள் பிரிவுக்கு அது பயன்படலாம்.

எனக்கு இன்னும் வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளவுடில் ஒரு சிறிய சர்வரை அமைத்து ஓட்டியிருக்கிறேன், பெரிய அளவில் செய்ததில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தேவைக்கு மட்டும் எழுதுவேன். குழுவாக ஒரே நிரலில் வேலை செய்த அனுபவம், திறமூலத்தில் கிடைத்த அளவுதான். ஆங்கிலத்தில் தொழில்நுட்ப ஆவணங்களைப் படிக்கவும் எழுதவும் சிரமம் இல்லை, பேசும்போது கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன். தரவுக் கட்டமைப்புகளைப் பாடமாகப் படிக்கவில்லை, ஆனால் மாற்றியின் தேடலை டிரையாக எழுதியதற்கும், சொற்பட்டியலைச் செட்டாக வைத்ததற்கும் காரணம் கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

இத்துடன் `maatri.bundle` என்ற கோப்பை இணைத்திருக்கிறேன். முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் அதில் இருக்கிறது. இப்படி ஓட்டலாம்:

```
git clone maatri.bundle maatri
cd maatri
python -m unittest
```

சோதனைகளுக்கான உரைகள் நானே எழுதியவை, வாடிக்கையாளர் கோப்பு எதையும் சேர்க்கவில்லை. நேரம் குறைவாக இருந்தால் `test_au.py` ஒன்றை மட்டும் பாருங்கள். திறமூலத்தில் சேர்ந்த மாற்றங்களின் இணைப்புகளை `PANGALIPPU.md` கோப்பில் வைத்திருக்கிறேன். விலைக்கணக்கு நிரல் அச்சகத்துக்குச் சொந்தமானது. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், நேரில் திறந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டம் இல்லை என்பதற்காக இந்த விண்ணப்பத்தை ஒதுக்குவதற்கு முன், உங்கள் பிரிவில் உண்மையிலேயே தீராமல் கிடக்கும் ஒரு சிறிய வேலையைக் கொடுங்கள். மாறாத ஒரு கோப்பு, தவறாக வரும் ஒரு பக்கம், எதுவானாலும் சரி. ஒரு வார இறுதியில் செய்து, சோதனைகளோடும் ஏன் அப்படிச் செய்தேன் என்ற குறிப்போடும் அனுப்புகிறேன். அதற்குச் சம்பளம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. பட்டதாரிகளுக்கு வைக்கும் அதே நேர்காணலை எனக்கும் வையுங்கள், அதில் சலுகை வேண்டாம்.

சம்பளம் அறிவிப்பில் சொன்ன ஆரம்ப நிலையே சரி. சென்னைக்கு வந்து தங்கத் தயார். இங்கே ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது காலண்டர் வேலை நெருக்கடி என்பதால் பகலில் தொலைபேசியை எடுக்க முடியாமல் போகலாம். மாலை 7 மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் பேசலாம், எண் இணைத்துள்ள விவரக் குறிப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
முருகேசன்
சிவகாசி

இணைப்பு: maatri.bundle, விவரக் குறிப்பு (பிடிஎஃப்)