இளங்கலை ஆய்வேட்டின் சுருக்கம்: பழைய பானையில் தண்ணீர் ஏன் குளிர்வதில்லை

முதுகலை இயற்பியல் சேர்க்கை விண்ணப்பம், இணைப்புத் தாள்
கேள்வி: உங்கள் இளங்கலை ஆய்வேட்டை, உங்கள் பாடத்தைப் படிக்காத ஒருவருக்கும் புரியும்படி எழுதுக.

ஆய்வேட்டின் தலைப்பு: கடின நீரும் மண்பானைச் சுவரின் நுண்துளைகளும் – மதுரைக் கோடையில் ஓர் அளவீடு
காலம்: டிசம்பர் 2023 முதல் ஏப்ரல் 2024 வரை, பி.எஸ்சி. இயற்பியல், ஆறாம் பருவம்

எங்கள் வீட்டில் சித்திரை பிறப்பதற்குள் புதுப் பானை வாங்கியாக வேண்டும். போன வருடப் பானை விரிசல் இல்லாமல், ஒழுகாமல் நன்றாகவே இருக்கும். ஆனாலும் அப்பத்தா அதைத் தவிடு போட்டு வைக்கவோ செடி வைக்கவோ ஒதுக்கிவிடுவார். கேட்டால், "பானை பூத்துப் போச்சுத்தா, இனி தண்ணி குளுராது" என்பார். பூத்துப்போவது என்றால் பானையின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிவது. அப்பத்தா சொல்வது சரியா, சரியென்றால் எவ்வளவு தூரம் சரி என்பதை அளந்து பார்த்ததுதான் என் ஆய்வேடு.

முதலில், பானை எப்படிக் குளிர வைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக வைத்திருக்கும். அந்த ஈரம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க 4.2 ஜூலை எடுத்தால் போதும். அதாவது, ஒரு கிராம் ஆவியாகிப் போனால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் ஒரு டிகிரி குளிரும். எட்டு லிட்டர் தண்ணீரை எட்டு டிகிரி இறக்க, வேறு வெப்பம் உள்ளே வராதவரை, அரை டம்ளர் தண்ணீர் ஆவியானால் போதும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆனால் பானையால் எவ்வளவு வேண்டுமானாலும் குளிர வைக்க முடியாது. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது எந்த அளவில் போய் நிற்கிறதோ, அதுதான் எல்லை. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த எல்லை காற்றின் வெப்பநிலையைவிடக் கீழே இருக்கும். நடைமுறையில் பானை இந்த எல்லையைக்கூடத் தொடுவதில்லை. சுற்றியுள்ள சுவரும் கூரையும் அதன் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன.

ஆய்வுக்கு மானாமதுரையில் ஒரே சூளையில் வெந்த, ஒரே அளவுள்ள மூன்று பானைகளை வாங்கினோம். விற்றவர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீர். மூன்றாவதன் வெளிப்புறம் முழுக்க எனாமல் பெயின்ட் அடித்து, ஈரம் வெளியே வராமல் அடைத்துவிட்டோம். இவற்றோடு எங்கள் வீட்டில் இரண்டு கோடை பார்த்த பழைய பானை ஒன்றும் ஓர் எவர்சில்வர் குடமும் சேர்ந்து ஐந்து பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு லிட்டர் ஊற்றி மூடி போட்டு, வெயில் படாத திண்ணையில் வரிசையாக வைத்தோம். காய்கறிக் கடையில் பார்க்கும் எடை மெஷினில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தோம். குறைந்த எடைதான் ஆவியான தண்ணீர். அப்போதே தண்ணீரின் வெப்பநிலையையும், துணி சுற்றாத உலர் குமிழ், ஈரக் குமிழ் இரண்டின் அளவையும் குறித்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். வீட்டில் வைப்பது போலவே பானைகளை ஈர மணல் மேல் வைத்தேன். மணலில் இருந்த ஈரமும் ஆவியாகிப் பானையின் அடியைக் குளிர வைத்தது. அடியில் ஒட்டிய மணல் எடையையும் கெடுத்தது. இரண்டு வார அளவுகள் வீணாயின. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், பானைகளை மரமுக்காலிகளுக்கு மாற்றிப் புதிதாகத் தொடங்கினேன். ஆனால் ஈர மணலில் வைப்பது ஏன் வழக்கமானது என்பது அந்த இரண்டு வாரத்தில் நன்றாகவே புரிந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த அளவுகளைச் சொன்னால் மொத்த ஆய்வும் விளங்கிவிடும். திண்ணையில் காற்று 36 டிகிரி, ஈரக்குமிழ் 25. எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் 34, பெயின்ட் அடித்த பானையிலும் கிட்டத்தட்ட அதேதான். கேன் தண்ணீர் ஊற்றிய புதுப் பானையில் 28. இரண்டு கோடை பார்த்த பழைய பானையில் 32. புதுப் பானையிலிருந்து மணிக்கு 30 கிராம் தண்ணீர் ஆவியானது, பழையதிலிருந்து 15 கிராம். ஆவியாவது பாதியானால் குளிர்ச்சியும் பாதியாகிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் புதுப் பானையில் எட்டு டிகிரி, பழையதில் நான்கு. அப்பத்தா சொன்னது சரிதான்.

பெயின்ட் அடித்த பானை இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியம். அதே மண், அதே கனம், அதே சூளை. ஈரம் வெளியே வர வழியில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. அது எவர்சில்வர் குடம் மாதிரியே நடந்துகொண்டதால், குளிர்ச்சி மண்ணின் தன்மையால் வருவதல்ல, ஆவியாவதால் வருவது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அடுத்து, பழைய பானையை அடைத்தது எது? அது வேறு சூளையில் வெந்தது. ஒருவேளை தொடக்கத்திலேயே அதன் துளைகள் குறைவாக இருந்திருக்கலாம். அதனால்தான் ஒரே சூளையில் வெந்து, ஊற்றிய தண்ணீர் மட்டும் வேறான இரட்டைப் பானைகள் தேவைப்பட்டன. பதினான்கு வாரங்களுக்குப் பிறகு, ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது கேன் தண்ணீர்ப் பானையில் மணிக்கு 30 கிராம் ஆவியானது. போர்வெல் தண்ணீர்ப் பானையில் 25 கிராம்தான். வெளிப்புறத்தில் கழுத்துக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டையும் முழுக்கக் காயவைத்து நிறுத்தேன். வாங்கிய அன்று இருந்ததைவிடப் போர்வெல் பானை 35 கிராம் கூடியிருந்தது. கேன் தண்ணீர்ப் பானையின் எடையில் மெஷின் காட்டும் அளவுக்கு மாற்றம் இல்லை.

அந்த 35 கிராம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீரை முழுக்க வற்றவைத்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்புத் தங்கியது. பதினான்கு வாரத்தில் அந்தப் பானை வழியே சுமார் 40 லிட்டர் ஆவியாகியிருந்தது. தண்ணீர் போய்விடுகிறது, அதில் கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. வெள்ளைத் திட்டில் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. அதில் கார்பனேட் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கெட்டிலின் அடியில் படியும் அதே படிவுதான். வேறு உப்புகளும் கலந்திருக்கலாம். அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் பழைய பானையைத் திரும்பக் குளிர வைக்க முடியுமா என்று பார்த்தேன். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவியதில் பெரிய பலன் இல்லை. வெள்ளை போனது, துளை திறக்கவில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து ஓர் இரவு முழுக்கச் சுற்றி வைத்து, பிறகு இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்தேன். மணிக்கு 15 கிராமாக இருந்தது 23 கிராமாக உயர்ந்தது, தண்ணீரும் 30 டிகிரிக்கு இறங்கியது. முழுக்க மீளவில்லை. சுவரின் உட்பகுதியில் படிந்ததை வினிகர் எட்டவில்லை என்பது என் ஊகம்.

எதிர்பாராத ஒரு முடிவும் கிடைத்தது. டிசம்பரில், மழை ஓய்ந்த ஈரமான ஒரு நாளில் காற்று 28 டிகிரி, ஈரக்குமிழ் 25, புதுப் பானைத் தண்ணீர் 26. ஏப்ரலில் அதே பானையில் 28. அதாவது, "பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கு" என்று நாம் சொல்லும் கோடைத் தண்ணீர், உண்மையில் டிசம்பர் தண்ணீரைவிட இரண்டு டிகிரி சூடானது. இரண்டு மாதங்களிலும் ஈரக்குமிழ் எல்லை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, ஏப்ரலில் சுற்றுப்புறம் பானைக்குக் கூடுதல் வெப்பத்தைக் கொடுத்ததுதான் காரணம். அந்த டிசம்பர் அளவு மணல் மேல் வைத்திருந்தபோது எடுத்தது. எடைகள் கெட்டுப்போனாலும் வெப்பநிலையை இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்தினேன், ஆய்வேட்டிலும் அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஆய்வின் குறைகள்: பானைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. வினிகர் சோதனையை ஒரே பானையில்தான் செய்தேன். எடை மெஷின் ஐந்து கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் இரண்டு மணி நேர வித்தியாசத்தை நம்பாமல், ஆறு மணி நேர வித்தியாசத்தை எடுத்து மணிக்கு வகுத்தேன். காற்றின் வேகத்தை அளக்கக் கருவி இல்லாததால் காற்று வீசிய நாட்களை விட்டுவிட்டேன்.

இது இருவர் சேர்ந்து செய்த ஆய்வு. எடையும் வெப்பநிலையும் என் தோழியும் நானும் முறை வைத்து எடுத்தோம். பெயின்ட் பானை, இரட்டைப் பானை ஏற்பாடும், வெப்பக் கணக்கும், எழுத்தும் என்னுடையவை. உப்புச் சோதனைகள் தோழியுடையவை. எங்கள் துறைப் பேராசிரியர் வழிகாட்டினார். மணலில் வைத்த அளவுகளைக் கைவிடச் சொன்னதும் அவர்தான்.

உப்பு துளையின் வாயில் மட்டும் அடைக்கிறதா, சுவரின் பாதி கனம் வரை உள்ளே போயிருக்கிறதா என்பதுதான் விடை தெரியாமல் நிற்கும் கேள்வி. அதற்குப் பானை ஓட்டைக் குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். போர்வெல் பானையை உடைக்காமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முதுகலையில் இடம் கிடைத்தால், முதல் பருவத்திலேயே அதை வெட்டிப் பார்க்க அனுமதி கேட்பேன்.