சாலையில் கிடந்த இரும்புத் துண்டு கிழித்த டயருக்கு இழப்பீடு கோரும் கடிதம்

பெறுநர்: மேலாளர், வாகனக் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவு

பொருள்: முன் இடது டயர், ரிம், மட்கார்டு சேதத்துக்கான இழப்பீடு

ஐயா / அம்மையீர்,

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு 9 மணியளவில் நெடுஞ்சாலையில் என் காரை ஓட்டி வந்தேன். லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையின் உடைந்த துண்டு ஒன்று வழியில் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணில் பட்டபோது ஒதுங்க இடமில்லை. வலப்பக்கம் ஒரு பைக் ஒட்டியே வந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்தும் முன் இடது சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. டயரைக் கிழித்த துண்டு துள்ளி, மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கையும் உடைத்தது. ரிம்மின் விளிம்பும் வளைந்துவிட்டது. உடனே ஓரம் கட்டினேன். ஸ்டெப்னியை மாட்டுவதற்கு முன்பே படங்கள் எடுத்துவிட்டேன். அன்றிரவே உங்கள் உதவி எண்ணுக்கும் தகவல் சொன்னேன்.

அப்போது பேசியவர், "டயருக்கு மட்டும் க்ளெய்ம் கிடையாதுங்க" என்றார். தேய்மானத்துக்கும் சாதாரண பஞ்சருக்கும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வண்டியின் வேறு பாகமும் அதே சமயத்தில் சேதமானால் புது டயர் விலையில் பாதி தரப்படும் என்று என் பாலிசியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கோடிட்டு இணைத்திருக்கிறேன். இங்கே ரிம்மும் மட்கார்டும் அதே அடியில்தான் போயின.

டயர் பழசாகி வெடித்ததோ என்று சந்தேகம் வரலாம். அதன்மேல் 3123 என்று இருக்கிறது, அதாவது 2023ஆம் ஆண்டின் 31ஆவது வாரத் தயாரிப்பு. ட்ரெட் ஆழம் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டிய அளவான 1.6 மி.மீ.க்கு அது வெகுதூரம். காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் டயரின் உட்புறம் சுற்றிலும் உரசி ரப்பர் தூளாக உதிர்ந்திருக்கும். டயர் கடைக்காரர் கழற்றிப் பார்த்தார், அப்படி எதுவும் இல்லை. பக்கவாட்டில் வெளியிலிருந்து உள்ளே போன ஒரே வெட்டு, சுமார் 5 செ.மீ. நீளம், உள்ளே நூல் இழைகள் அறுந்து தெரிகின்றன. பக்கவாட்டு வெட்டுக்கு ஒட்டுப் போடுவது ஆபத்து, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ரிம்முக்கும் மட்கார்டுக்கும் பாலிசிப்படி வரும் தொகையும், டயருக்குப் பாதி விலையும்தான் கேட்கிறேன். ஜோடி சேர வேண்டும் என்று முன் வலது டயரையும் மாற்றப் போகிறேன். அது என் செலவு. அதை இதில் சேர்க்கவில்லை.

கிழிந்த டயர், ரிம், அந்த இரும்புத் துண்டு மூன்றையும் பணிமனையில் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் மாற்ற மாட்டோம். ஸ்டெப்னி சிறிய அளவுடையது, அதில் வேகமாகவோ நெடுந்தூரமோ போகக் கூடாது. வயதான அம்மாவை வாரம் இரண்டு முறை சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. எனவே இந்த வாரத்துக்குள் சர்வேயரை அனுப்புங்கள். ஒருவேளை மறுப்பதாக இருந்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இணைப்பு: பாலிசி நகல் (பாலிசி எண்ணும் வண்டி எண்ணும் முதல் பக்கத்தில் உள்ளன), பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், நேரத்துடன் கூடிய 8 படங்கள், டயர் கடைக்காரரின் குறிப்பு, பணிமனை மதிப்பீடு.

இப்படிக்கு,
பாலிசிதாரர், காரின் உரிமையாளர்