பொருள்: கோவைப் பயணச் செலவுக் கோரிக்கை (எண் 0417) திருப்பி அனுப்பப்படுகிறது

அன்புள்ள கார்த்திகேயன் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 9 முதல் 12 வரை கோவை சென்று வந்ததற்கு நீங்கள் கேட்டிருந்த 19,240 ரூபாயை இப்போதுள்ள நிலையில் எங்களால் வழங்க இயலவில்லை. நீங்கள் செலவு செய்ததில் எங்களுக்கு ஐயமில்லை. இணைத்திருக்கும் தாள்கள்தான் தணிக்கையில் நிற்காது.

ரயில் டிக்கெட் 1,350 ரூபாய் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கோரிக்கையில் பாதியை மட்டும் ஏற்க நம் மென்பொருளில் வழியில்லை. அதனால் அதுவும் சேர்ந்தே திரும்புகிறது.

பெரிய சிக்கல் அறை வாடகை. மூன்று இரவுக்கு 11,400 ரூபாய் என்று கையால் எழுதிய ரசீது ஒன்றுதான் இருக்கிறது. அதில் நம் நிறுவனத்தின் பெயரோ விடுதியின் ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. நாள் வாடகை வரம்பான 3,500 ரூபாயைவிட மொத்தத்தில் 900 ரூபாய் கூடுதல்; அதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும். முழுத்தொகையையும் ரொக்கமாகக் கொடுத்ததாகவும் குறித்திருக்கிறீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் நிறுவனம் அதைச் செலவாகக் காட்ட முடியாது. சேர்ந்த அன்று முன்பணம், கிளம்பும்போது மீதி என்று கொடுத்திருந்தால் தேதிவாரியாக ரசீது வாங்குங்கள். உண்மையில் அப்படிக் கொடுத்திருந்தால் மட்டும். இல்லையென்றால் காரணத்தை எழுதித் துறைத் தலைவரின் சிறப்பு ஒப்புதலைப் பெறுங்கள். ரசீதைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டாம்.

டாக்சிக்கு 4,350 ரூபாய் யுபிஐ வழியாகச் செலுத்தியதன் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறீர்கள். பணம் போனதற்கு அது சான்று, எங்கே போனீர்கள் என்பதற்கு அல்ல. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தேதி மூன்றும் உள்ள பில் வேண்டும். உணவுக்கான 2,140 ரூபாயில் 11ஆம் தேதி இரவு பில் இருவருக்கானது. உடன் சாப்பிட்டவர் வாடிக்கையாளர் என்றால் அவர் பெயரையும் சந்திப்பின் நோக்கத்தையும் ஒரு வரி எழுதினால் போதும்.

திருத்திய தாள்கள் கையில் வந்ததும் புதிய கோரிக்கை தொடங்காதீர்கள். ஒரே ரயில் டிக்கெட் இரண்டு முறை பதிவானால் மென்பொருள் இரண்டையும் நிறுத்திவிடும். பழைய 0417ஐத் திறந்து, தவறான இணைப்புகளை நீக்கி, புதியவற்றைச் சேர்த்து, Resubmit பொத்தானை அழுத்துங்கள். அது முதலில் உங்கள் மேலாளருக்குப் போய், அவர் ஒப்புதல் அளித்த பிறகே எங்களிடம் வரும். அவரிடம் இன்றே சொல்லி வைப்பது நல்லது.

பயணம் முடிந்து 30 நாள் அவகாசம் என்பது பொது விதி. ஆனால் மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிப்பதால், 27ஆம் தேதி மாலை 5 மணிக்குள் எங்களிடம் வந்து சேர வேண்டும். வந்துவிட்டால் ஏப்ரல் 7 அன்று பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும்.

விடுதியில் பில் தர மறுத்தால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். நாங்கள் அவர்களிடம் பேசிப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பயணச் செலவுப் பிரிவு,
நிதித் துறை