34–33! இறுதிப் போட்டிக்குப் போகிறோம்!

கபடி அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம், ஒரே ஒரு புள்ளியில். நேற்று ராத்திரி தொண்டை கட்டிப்போய் யாராலும் சரியாகப் பேசக்கூட முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு காலையில் வருகிறது.

முதல் பாதி நம் கையில் இல்லவே இல்லை. எதிரணியின் முதன்மை ரெய்டர் நம் இரண்டு கார்னர்களையும் தூங்கவிடவில்லை, போனஸ் எடுப்பதுபோலக் காலை நீட்டுவார், நாம் கணுக்காலுக்குப் பாய்வோம், அதற்குள் கையால் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பியிருப்பார். 15-வது நிமிடத்தில் ஆல் அவுட் ஆனோம். இடைவேளையில் 12–18. ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் மட்டும் 13 புள்ளிகள், நம் களத்தில் இந்த சீசனில் இதைவிட நல்ல ரெய்டிங்கை நாங்கள் பார்க்கவில்லை.

இடைவேளையில் கோச் சொன்னது ஒரே விஷயம்: "முதலில் பாயாதீங்க, அவர் திரும்பட்டும், முதுகு தெரிஞ்சதும் பிடிங்க." அதை அப்படியே செய்தவர் நம் வலது கார்னர். இரண்டாம் பாதியில் மட்டும் ஐந்து டேக்கிள்! அந்தப் பிடிகள் விழ விழ நம் ரெய்டர்களுக்கும் தைரியம் வந்தது, பதிலுக்கு ஆல் அவுட் எடுத்தோம், வித்தியாசம் ஆறிலிருந்து இரண்டாகி, அப்புறம் ஒன்றாகி நின்றது.

கடைசி இரண்டு நிமிடம். 31–32, நம் பக்கம் களத்தில் மூன்றே பேர். வந்தது அதே முதன்மை ரெய்டர். வலது கார்னர் தொடையைப் பிடித்தார், கவரில் நின்ற நம் தம்பி (சீனியர் அணியில் இவனுக்கு இது மூன்றாவது ஆட்டம்தான்) இடுப்பைக் கட்டிக்கொண்டான், ரெய்டரின் விரல்கள் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டன. சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி, 33–32.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ரெய்டர் உள்ளே போய், பின்காலை வீசிவிட்டுத் திரும்பினார். தொட்டதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை, அம்பயருக்கும் தெரியவில்லை, கை விரித்துவிட்டார். அப்போது எதிரணியின் இடது கார்னர் தன் மணிக்கட்டைக் காட்டி, கையைத் தூக்கி, "பட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டுத் தானாகவே வெளியே நடந்தார். அரையிறுதி, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை, பின்தங்கியிருப்பது அவருடைய அணி. சொல்லாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 34–32 ஆனது அப்படித்தான்.

அடுத்த ரெய்டில் அவர்களுடைய இரண்டாவது ரெய்டர் ஒரு டச் எடுத்தார், 34–33. கடைசி ரெய்டு நம்முடையது. பாக் கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் ரெய்டரே அவுட், அதிக தூரம் உள்ளே போனால் பிடித்துவிடுவார்கள், நேரம் முடிந்தாலும் அந்த ரெய்டு முடியும்வரை ஆட்டம் முடியாது. நம் கேப்டன் நிதானமாகப் பாக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தார், இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார், வந்துவிட்டார். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எங்களுக்கே ஒழுங்காக ஞாபகமில்லை, யார் யாரைத் தூக்கினார்கள் என்றும் தெரியவில்லை!

கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் கை உயராமல் இருந்திருந்தால் 33–33, டை பிரேக்கர். ஜெயித்திருப்போமா? தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நம் கேப்டன் நேராகப் போய்க் கட்டிப்பிடித்தது அந்த இடது கார்னரைத்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "ஃபைனல்ல விட்டுடாதீங்க ணா."

முதல் பாதியில் நம் இடது கவர் முழங்கால் பிசகி விழுந்தபோது நம் பெஞ்சிலிருந்து ஆள் போவதற்குள் ஐஸ் பையோடு ஓடி வந்ததும் அவர்களுடைய பிசியோதான். அவருக்கும் நன்றி. முழங்காலில் வீக்கம் மட்டும்தான், நடக்கிறார், ஆனால் இறுதிப் போட்டியில் ஆடுவாரா என்பதை வியாழக்கிழமைதான் சொல்ல முடியும்.

எதிரணி வீரர்களுக்கும், தோற்ற பிறகும் இருந்து நமக்குக் கைதட்டிவிட்டுப் போன அவர்களுடைய ஆதரவாளர்களுக்கும் எங்கள் மனமார்ந்த வணக்கம். அடுத்த சீசனில் மறுபடி மோதலாம், அந்த முதன்மை ரெய்டரைப் பிடிக்க இப்போதே பயிற்சி எடுக்கப்போகிறோம்.

இறுதிப் போட்டி வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு. வீரர்களுக்கு இன்று ஓய்வு, நாளை காலை 6 மணிக்குப் பயிற்சிக்கு வந்துவிட வேண்டும். அப்புறம், கடைசி இரண்டு நிமிடத்தை யாராவது வீடியோ எடுத்திருந்தால் உடனே அனுப்புங்கள், அந்த இடது கார்னரும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார்.