செந்தூல் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்திருப்போருக்கு

வணக்கம். இந்த மாதம் வாடகைக்கு வந்திருக்கும் மூன்று குடும்பங்களையும் அன்போடு வரவேற்கிறோம்.

பராமரிப்புக் கட்டணம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்களிடம் யாராவது கேட்டால், முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். நுழைவு அட்டையைக் காவலரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். இதில் மட்டும் நான் சற்றுக் கடுமையானவன்; டிங்கிக் கொசுவுக்கு உரிமையாளர், வாடகைக்காரர் என்ற வேறுபாடு தெரியாது. மறுசுழற்சிப் பொருள்களைத் தனியாகக் கட்டிவையுங்கள்.

பத்துமலைக்குப் போக செந்தூல் நிலையத்திலேயே கொமுட்டர் ரயில் ஏறலாம். தைப்பூசத்தன்று காரை எடுக்கவே வேண்டாம்.

ஞாயிறு மாலை 5 மணிக்குக் கீழ்த்தளத்தில் தேநீர். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்